ஒரே பக்கத்தில் இரண்டு அவர்

தென்னூரில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில். எழுபதுகளின் கடைசி அது. காலையில் காவிரியில் ஒரு முழுக்கு, நெற்றியில் திருமண், பெருமாள் சந்நிதியில் ஒரு கும்பிடு, அதன்பிறகு டவுன் பஸ். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் எழுத்தோடேயே புழங்கியதில், ஸ்டிக் என்கிற கோக்கும் சட்டத்தில் தலைகீழாக நிற்கும் எழுத்தை நேராக இருப்பதைவிட வேகமாகப் படிக்க வந்துவிட்டது.

எங்களுக்கு வந்த வேலை பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் காரியப் பத்திரிகையும்தான். கல்யாணப் பத்திரிகைக்கு எந்த எழுத்தும் குறையாது. காரியப் பத்திரிகை, நினைவு மலர் என்று வந்தால் மட்டும் எழுத்துப் பெட்டியான கேஸில் 'ர்' காலியாகிவிடும். இறந்தவர் பெயர் மேலே கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு தடவை வரும். அதற்குக் கீழே பெயர் வரக் கூடாது. பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் மரியாதை இல்லை என்று வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே வந்தார், நின்றார், வாழ்ந்தார், அவர், அவரை, அவருக்கு என்றே போகும். பத்தி முழுக்க ர்தான். பாதி வேலையில் எழுத்துத் தீர்ந்து, அச்சடித்து முடிந்த வேறொரு பாரத்தின் கோத்த எழுத்துகளைப் பிரித்து ர் பொறுக்கியிருக்கிறேன். முதலாளி அதைப் பார்த்து, "செத்தவங்களுக்குத்தாம்ப்பா இந்த ஊர்ல மரியாதை ஜாஸ்தி" என்பார்.

நான் சொல்ல வந்தது ஒரு நினைவு மலரைப் பற்றி. அந்தக் குடும்பத்தில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊரிலேயே இருக்கிறார்கள். அண்ணன், அக்கா, தம்பி என்று மூன்று பேர் பிறந்த குடும்பம். அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் எழுதுகிறேன். அக்கா நடுவில் பிறந்தவள். கணவனை இழந்தபின் சின்னவர் வீட்டில்தான் இருந்தாள். நான் குடியிருந்த தெருவிலேயே நாலு வீடு தள்ளி அந்த வீடு.

பெரியவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டிலேயே காலம் போயிற்று. மாலை வேளையில் கோயிலுக்குத் துளசியும் மருக்கொழுந்தும் ஆய்ந்து கொடுப்பது அவருடைய கைங்கர்யம். நல்ல மனிதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு மனம் பேதலித்துப்போனது என்பது தெருவில் மூத்தவர்களுக்கு மட்டும் தெரியும். அப்போது சின்னவர் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். அவர்தான் அண்ணனை, மனநோய் தீர்க்கும் பெருமாள் என்று பேர்பெற்ற குணசீலத்துக்கு அழைத்துக்கொண்டு போய், கோயிலிலேயே ஒரு மண்டலம் தங்கி, குணமாக்கித் திரும்பக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு பெரியவருக்கு அந்தத் தொந்தரவு வரவே இல்லை.

பெரியவர் காலமாகி வருஷம் முடிகிற சமயம். சின்னவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் வந்த இடங்களில் எல்லாம் பெரியப்பாவுக்கு முன்பு இருந்த மனக்கோளாறைப் பற்றிச் சின்னவரே சொல்லிவிடுவார். சொன்னதும் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பெண்ணுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாகத் தென்னூரிலிருந்து ஓர் இடம் வந்தது. பையனுடைய அப்பா ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும், "மனுஷனுக்கு வர்றதுதானே. அவருதான் குணமாகி ஒழுங்கா வேலை பார்த்து பென்ஷனும் வாங்கியிருக்காரே" என்று சொன்னார். வருஷத் திதி முடிந்ததும் நிச்சயதார்த்தம் என்று பேச்சு.

திதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் போட வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். முதல் பக்கத்தில் படம், அடுத்து நாலு பாசுரம், அதற்கடுத்து பெரியவரைப் பற்றி அக்கா சொல்வது. அக்காவுக்கு எழுத வராது, கண்ணிலும் புரை. ஞாயிற்றுக்கிழமை நான் போய் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

"அண்ணனுக்கு மனசு சரியில்லாம போச்சு. தம்பி அப்பதான் காலேஜை முடிச்சிருந்தான். அவன்தான் அவரைக் குணசீலம் கூட்டிக்கிட்டுப் போனான். உச்சிவேளையில தீர்த்தம் தெளிக்கறப்ப அவரு எந்திரிச்சு ஓடுவாரு. அவன் கையைப் புடிச்சு இழுத்து உக்கார வைப்பான். ஒருநாள் அவரு அவனைக் கன்னத்துல அறைஞ்சுட்டாரு. அவன் ஒண்ணும் சொல்லலை. எழுதிக்கிறியா?"

"எழுதறேன்கா. அறைஞ்சதையும் போடணுமா?"

"அது வேணாம். அதை நான் உனக்குச் சொன்னேன்."

இதை எழுத்து நடைக்கு மாற்றியது எங்கள் முதலாளி. மாற்றினாலும், அண்ணனை அவர் என்றும் தம்பியை அவன் என்றும் அக்கா சொன்னபடியே வைத்திருந்தார். நானும் அப்படியே கோத்து, புரூஃப் எடுத்துக்கொண்டு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

புரூஃபைக் கையில் வாங்கியது சின்னவருடைய மனைவி. வாசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"என்ன அண்ணே இது? அவன், போனான், வச்சான்னு போட்டிருக்கீங்க?"

"அக்கா சொன்னதுங்க."

"அண்ணி சொல்லலாம். அவங்களுக்குத் தம்பி. அச்சுல வரலாமா? ஆபீஸ்ல இவர் ரூமுக்குள்ள வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. உங்க பிரஸ்ஸுல வந்தா அவன் இவனா?"

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "எனக்கு அவன் எப்பவும் அவன்தான்டி. நீ வர்றதுக்கு முந்தியே அவன்."

"உங்க வாய்க்கு அவன், அண்ணி. நான் ஒண்ணும் சொல்லலையே. ஆனா இதை ஊரு படிக்கும். சம்பந்தி வீடு படிக்கும். பொண்ணோட அப்பாவை அவன்னு போட்ட புஸ்தகத்தையா அவங்க கையில கொடுக்கறது?"

சின்னவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான். மனைவி பென்சிலை எடுத்து ஒவ்வொரு இடத்திலும் 'ன்'னை அடித்து 'ர்' என்று எழுதினார். கணவர் பெயரையும் எங்கும் எழுதவில்லை. 'தம்பி' என்று இரண்டு இடத்தில் வந்தது. அதில் ஒன்றை, "திரும்பத் திரும்ப எதுக்கு" என்று அடித்துவிட்டு அங்கேயும் 'அவர்' போட்டார். முதல் வரிகளையும் 'தம்பியும் அவருமாகச் சென்றார்கள்' என்று சேர்த்து எழுதி, 'அண்ணாருக்கு' என்பதையும் 'அவருக்கு' ஆக்கினார்.

மறுநாள் அச்சகத்தில் அதன்படி மாற்றினேன். ன் அகலமான எழுத்து, ர் ஒடுங்கியது. ஒன்றை எடுத்து மற்றதை வைத்தால் வரி தொளதொளவென்று ஆகிவிடும். இடையிடையே ஸ்பேஸ் சொருகி இறுக்க வேண்டும். முதலாளி ஒரு தடவை படித்தார், நான் ஒரு தடவை படித்தேன், வீட்டில் மறுபடி ஒரு தடவை படித்தார்கள். எங்கள் எல்லோருக்கும் கதை தெரியும். அதனால் படிக்கும்போது எந்த அவர் யார் என்று மனசு தானாகவே பிரித்துக்கொண்டுவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. அச்சாகி வந்த பத்தி இப்படி இருந்தது:

'அண்ணார் உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்த தம்பியும் அவருமாகக் குணசீலம் சென்றார்கள். அச்சமயம் அவருக்கு மனநலம் குன்றியிருந்தது. ஒரு மண்டல காலம் அவர் அவரை விட்டு அகலவில்லை. உச்சிக்காலத்தில் தீர்த்தம் தெளிக்கையில் அவர் எழுந்து ஓட முற்படுவார். அவர் கையைப் பிடித்து அமர வைப்பார். எம்பெருமான் திருவருளால் அவர் பூரண குணமடைந்தார். அன்று முதல் அவர் அவருக்குத் தாயும் தந்தையுமாக விளங்கினார்.'

திதி நன்றாக நடந்தது. பெருமாள் கிருபையில் சாப்பாட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. தென்னூர்க்காரரும் மனைவியோடு வந்திருந்து, சாப்பிட்டு, தாம்பூலத்தோடு மலரையும் வாங்கிக்கொண்டு போனார். பந்தியில் அவருடைய பங்காளிகள் சிலரும் இருந்தார்கள். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் தென்னூர்க்காரர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். மலரின் கடைசிப் பக்கத்தில் அடியில் அச்சகத்தின் பேர் இருக்கும். அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு. வெற்றிலை போட்ட வாயைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"இது நீங்க அடிச்சதுதானே?"

"ஆமாங்க" என்றார் முதலாளி. "நிச்சயதார்த்தப் பத்திரிகை விஷயமா வந்தீங்களா?"

"அது இனிமே இல்லைங்க. இதுல உள்ளது அவங்க வீட்டுல சொல்லித்தானே அடிச்சீங்க? நீங்களா சேர்க்கலையே? அதை மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

முதலாளிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. தென்னூர்க்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். "பெரியப்பாவுக்கு இருந்துச்சுன்னு எங்ககிட்ட சொன்னாங்க. இதுல அப்பாவுக்குன்னு இருக்கு. கொண்டாந்து கையில கொடுத்து வாசிக்கச் சொல்றாங்க. அப்பாவுக்கு இருந்ததுன்னே சொல்லியிருந்தாலும் நான் யோசிச்சிருப்பேன், வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். பொய் சொல்லியிருக்காங்கங்க. செத்துப்போனவரு மேல பழியைப் போட்டிருக்காங்க. அதான் என்னால தாங்க முடியலை."

நான் கையிலிருந்த ஸ்டிக்கை வைத்துவிட்டு வந்து, "அப்படி இல்லீங்க, ஓடினவரு பெரியவரு, பிடிச்சவரு சின்னவரு" என்றேன்.

"எங்க இருக்கு?"

"இதோ, 'அவர் எழுந்து ஓட முற்படுவார்'."

"எந்த அவர்?"

அவர் கோபப்படாமலே சொன்னார். "செத்தவரைப் பத்தி போட்ட புஸ்தகம். அதுல பாராட்டிச் சொல்றது செத்தவரைத்தானே? அவரு தம்பியை விட்டு அகலாம பார்த்துக்கிட்டாரு. தாயா தகப்பனா இருந்தாரு. அதுக்காகத்தான் கல்யாணமே பண்ணிக்கலை போலன்னு எங்க வீட்டுல அழுதே போயிட்டா. அண்ணனுக்கு தம்பி தாயும் தகப்பனுமா இருந்தான்னு யாரு எழுதுவாங்க?"

நான் திரும்பவும் படித்தேன். அவர் சொன்ன பிறகு படித்தால் அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஒரு வரியும் அவருக்கு எதிராக நிற்கவில்லை. அதுவரைக்கும் என் கண்ணுக்குத் தெரிந்த கதை அந்தத் தாளில் இல்லவே இல்லை.

"நீங்க அவங்க தெருக்காரரு. உங்களை நான் சந்தேகப்படலை. ஆனா அவங்களுக்காகத்தானே பேசுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பெருமாளை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். இதை அந்த வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் நான் போவதற்குள் அங்கே தரகர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீடு விளக்கேற்றிய பிறகும் இருட்டாக இருந்த மாதிரி இருந்தது. மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள்.

சின்னவருடைய மனைவி என்னைப் பார்த்ததும், "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. அண்ணியும் இவரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. இவர் ஒரு வார்த்தை நேர்ல போய்ச் சொன்னா முடிஞ்சு போச்சு. போக மாட்டேங்கறார்" என்றார்.

சின்னவர் மடியில் இருந்த மலரை மூடினார். "என்னான்னு சொல்லணும்?"

"உங்களுக்கு இல்லை, உங்க அண்ணனுக்குத்தான்னு சொல்லணும்."

"முதல்ல சொன்னோமே. அப்ப கேட்டாங்க, சொன்னேன். அதுல தப்பில்லை. இப்ப அண்ணனுக்கு வருஷம் முடிஞ்சு பிண்டம் போட்ட கை இன்னும் காயலை. நான் அவங்க வீட்டுப் படி ஏறி, ஐயா எனக்கு இல்லைங்க, அவருக்குத்தான் பைத்தியம்னு சொல்லணுமா? நான் தப்பிச்சுக்கறதுக்கு? அவரு எந்திரிச்சு வந்து ஒண்ணும் கேக்க மாட்டாருங்கற தைரியத்துல?"

"பொண்ணைப் பாக்க வேணாமா நீங்க?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள்தான் பேசினாள். "அம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? பெரியப்பா ஓடினாரு, அப்பா புடிச்சாரு. இதைப் படிச்ச அந்த வீட்டுல அப்பா ஓடினாரு, பெரியப்பா புடிச்சாரு. யாரு மாத்தினா?"

"அச்சுல அப்படி ஆயிப்போச்சுடி."

"ன்னை அடிச்சு ர் போட்டது யாரு? இந்த அண்ணனா?"

அவளுடைய அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முதலாளியும் நானும் தென்னூர்க்காரர் வீட்டுக்குப் போனோம். சின்னவர் எங்களைப் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதலாளி வியாபாரி. பேச வரும். அக்கா சொன்னது, நான் எழுதியது, பிறகு மாற்றியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கையெழுத்துப் பிரதியைக் காட்டலாம் என்றால், அது வேலை முடிந்ததும் அடுப்புக்குப் போயிருந்தது. எங்கள் கடையில் வழக்கம் அதுதான்.

தென்னூர்க்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் நம்பறேங்க" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. "ஆனா நான் நம்பினா ஆச்சா? எங்க பங்காளிங்க வீட்டுக்கு வீடு இது போயிருக்கு. அச்சுல அடிச்சது. அவங்கவங்க வீட்டுல பொண்டாட்டி படிச்சு, பக்கத்து வீட்டுல படிச்சு, நேத்து வரைக்கும் என்னைத்தான் கேக்கறாங்க, நீ தெரிஞ்சேதான் பண்றியான்னு. வாயால சொன்னா சமாதானம் பண்றதுக்குச் சொல்றேன்னு நெனைப்பாங்க. அச்சுல வந்தது அச்சுலதாங்க மாறணும்."

"ஒரு திருத்தம் அடிச்சு ஒட்டிக் கொடுத்துடறோம்" என்றார் முதலாளி.

"அது போதும்" என்றார் அவர். காபி வந்தது. நாங்கள் காபியைக் குடித்துவிட்டு நிம்மதியாகத்தான் வந்தோம்.

அச்சகத்தில் உட்கார்ந்து முதலாளி திருத்தத்தை எழுதினார். 'மலரின் மூன்றாம் பக்கத்தில் நலம் குன்றியிருந்ததாகக் குறிப்பிடப்பட்டவர் காலஞ்சென்றவரே அன்றி அவருடைய இளவல் அல்லர்' என்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். சின்னவர் வாசித்தார். வாசித்து நாலாக மடித்தார். இன்னும் ஒரு மடிப்பு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அண்ணன் நினைவு மலர்ல, இவருதான் பைத்தியம், தம்பி இல்லைன்னு தனியா ஒரு துண்டு. அதை நான் ஊரெல்லாம் கொடுக்கணும். வேணாம்ப்பா. கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் துண்டை வாசித்தபோது எனக்கே கூசியது. அக்கா சொல்லிய குணசீலம் அதில் இல்லை. ஒருவருக்கு வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை என்பது மட்டும் இருந்தது.

அக்கா அதுவரை சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, திருத்தம் எதுக்கு? நான் சொன்னதை சொன்னபடி அடிச்சுக் கொடு. அந்த ஒரு தாளை மட்டும் மாத்து. நான் அண்ணனைக் குறைவாச் சொன்னேனா? அவருக்கு உடம்பு வந்துச்சு, பெருமாள் சரி பண்ணிட்டாரு. அதைச் சொன்னேன். இவன் கூட இருந்தான். அதையும் சொன்னேன். இதுல எங்கடா உனக்கு மரியாதை குறையுது?"

கடைசிக் கேள்வி சின்னவருக்கு. சின்னவர், "எனக்கு என்னக்கா. நீ சொன்னா சரிதான்" என்றார்.

அப்போது எல்லோரும் அவருடைய மனைவியைப் பார்த்தோம். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போய்விட்டது.

"தம்பின்னே எல்லா எடத்துலயும் போட்டுடலாமே" என்றேன் நான். "அவரும் வேணாம், அவனும் வேணாம்."

"தம்பி தம்பின்னு வரிக்கு வரி போட்டு, கடைசியில கைய புடிச்சார்னு முடிப்பியா?" என்றாள் அக்கா. "திரும்ப எந்தக் கையி, யாரு கையின்னு ஆரம்பிக்கும். நான் பேசற மாதிரி போடு. முப்பது வருஷமா பேசறேன், ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை." பிறகு நாத்தனார் தோரணை போய், சின்னவர் மனைவியிடம் சாதாரணமாகவே கேட்டாள். "ஏம்மா, காலையில எந்திரிச்சதும் பெருமாளை என்னான்னு சொல்றோம்? அவன் பார்த்துப்பான், அவன் விட்ட வழின்னுதானே. அவனையே அவன்னு சொல்லிட்டு, உம் புருஷனைச் சொன்னா உனக்குப் பொறுக்கலையா?"

சின்னவருடைய மனைவி உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு மேல் சின்னவருடைய மனைவியே அச்சகத்துக்கு வந்து நின்றார். கையில் பூக்கூடை மாதிரி ஒரு பை. அந்த அம்மாள் தென்னூர்ப் பக்கம் தனியாக பஸ் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. முதலாளி நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"அண்ணி சொன்னபடியே போட்டுருங்க அண்ணே."

எழுத்து எல்லாம் எப்போதோ பிரித்துக் கேஸில் போட்டாயிற்று. மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். அக்கா சொன்னதில் எனக்கு நினைவிருந்ததை முதலாளியிடம் சொன்னேன். அவர் எழுத்து நடைக்கு மாற்றினார். 'அண்ணாருக்கு மனநலம் குன்றியிருந்தது. தம்பி அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தான். அவனே அவரைக் குணசீலத்துக்கு அழைத்துச் சென்றான்.' அந்த அம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் கேஸிலிருந்து எடுத்து எடுத்து வைப்பதைப் பார்த்தார். அவருக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். எது ன், எது ர் என்று புரிந்திருக்காது.

"இதுல எதுண்ணே அந்த ன்?" என்றார்.

காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "சின்னதாத்தான் இருக்கு" என்றார்.

புரூஃப் ஈரமாக எடுத்துக் கொடுத்தேன். வாய்விட்டு வாசித்தார். வீட்டில் முதல் தடவை வாசித்த வேகம் இல்லை. 'அவன்' என்று வரும் இடத்தில் குரல் இறங்கிவிடும், நமக்குக் கேட்காது. அடுத்த வார்த்தையில் திரும்ப ஏறும். கணவர் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் செய்கிற மாதிரியே. இப்படியே கடைசி வரி வரைக்கும் வந்தார். 'அன்று முதல் அவன் அவருக்குத் தாயும் தந்தையுமாக இருந்தான்.' இதை மட்டும் முழுவதும் உரக்க வாசித்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை தனக்குள் பார்த்துக்கொண்டார்.

"நிஜந்தானே இது" என்றார். யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. "முன்னாடி போட்டதுல இது இவருக்கு இல்லாமலே போயிருச்சே."

பென்சில் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

புதுத் தாளை அன்றே அடித்தோம். பழைய மலர்களில் மீதி இருந்தவற்றில் பின்னைப் பிரித்து மாற்றினோம். வெளியே போனவற்றுக்குத் தனியாகத் தாள் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளே தென்னூர்க்காரர் வீட்டுக்கு நடந்து போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தென்னூர்க்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று படித்தார். படித்து முடித்ததும் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். மனைவியும் வந்து படித்தார்.

"இது அவங்க அக்கா சொன்னதுதான்" என்றார் தென்னூர்க்காரர் மனைவியிடம். "யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. கூடப் பிறந்தவதான் இப்படிப் பேசுவா."

அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, பங்காளிகள் வீட்டுக்கு எத்தனை தாள் வேண்டும் என்று தானே கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் சின்னவருடைய மனைவியிடம் திரும்பி, "வெள்ளிக்கிழமை நல்லா இருக்குங்களா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"வீட்டுல அவங்களைக் கேட்டுச் சொல்றேங்க" என்றார் அந்த அம்மாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியதும், தெற்கே மலைக்கோட்டையையும் வடக்கே கோபுரத்தையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மடியில் இருந்த பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் திரும்பவும் படித்துக்கொண்டு வந்தார்.